ரெண்டுசுழியா, மூன்றுசுழியா? பொடி அச்சை ஸ்கான் செய்யுமுன்

அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி பழைய குளிர்த்திப் பாடல் சிறுநூல் ஒன்றைத் தட்டெழுதிக்கொண்டு வந்தார். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் பாடுகிற பாட்டுத்தான். 48 பக்கம், நடுவில் துருப்பிடித்த இரண்டு கம்பி, முகப்பு கிழிந்து போயிருந்ததால் அச்சகத்தின் பெயரும் ஆண்டும் இல்லை. பாட்டு பெரிய எழுத்தில் இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அருஞ்சொற்களுக்குப் பொருள், எறும்பு ஊர்ந்தது போலப் பொடி எழுத்தில்.

அவர் நூலைப் பார்த்துத் தட்டவில்லை. கடையில் ஸ்கான் செய்த பிடிஎஃப்பைப் பார்த்துத் தட்டியிருந்தார். சரிபார்க்க நான் நூலையே கையில் எடுத்தேன். அடிக்குறிப்பு ஒன்றில் 'கண்ணி' என்று இருந்தது, தலையில் சூடும் மாலை என்ற பொருளோடு. தம்பியின் கோப்பில் 'கன்னி'.

"அக்கா, பிடிஎஃப்பில் கன்னி என்றுதானே இருக்கு, பாருங்கோ."

பார்த்தேன். உண்மைதான். மங்கலும் இல்லை, கலங்கலும் இல்லை. ரெண்டுசுழி 'ன'தான், பளிச்சென்று இருந்தது. நூலில் மூன்றுசுழி, பிடிஎஃப்பில் ரெண்டுசுழி. எழுத்து மங்கியிருந்தால் நாங்கள் சந்தேகப்பட்டு நூலை எடுத்துப் பார்த்திருப்போம். துலக்கமாக இருந்ததால் அவர் நம்பிவிட்டார். அம்மன் பாட்டில் கன்னியும் பொருந்தும், கண்ணியும் பொருந்தும். பனியும் பணியும் வரும், மனமும் மணமும் வரும். இடம் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்ற தைரியம் இங்கே உதவாது.

அந்தச் சிறுநூலை நாங்கள் மறுபடி ஸ்கான் செய்தோம். பொடி எழுத்து நூலொன்றை முதன்முதலாக எடுத்துவைத்திருப்பவர்கள் அதே ஒழுங்கில் செய்யலாம் என்பதால் எழுதிவைக்கிறேன்.

முதலில் சுழியின் ஓட்டையை அளந்துபாருங்கள்

'எத்தனை டிபிஐயில் ஸ்கான் செய்யவேண்டும்' என்று கேட்டால் எல்லோரும் 300 என்பார்கள். சாதாரண அளவு எழுத்துக்கு அது போதும். ஆனால் டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல் என்ற கணக்கு மட்டுந்தான். அந்த அங்குலத்துக்குள் உங்கள் எழுத்து எவ்வளவு சிறியது என்று அதற்குத் தெரியாது. தமிழில் எழுத்தின் உயரத்தைப் பார்த்தாலும் போதாது. ஓர் எழுத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பது சுழிக்குள் இருக்கிற வெள்ளை அல்லது இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்கிற வெள்ளை. 'ண'வுக்கும் 'ன'வுக்கும் வித்தியாசம் அங்கேதான். 'ி' 'ீ' இரண்டுக்கும் நடுவே இருப்பது கொக்கியின் நுனியிலுள்ள சின்னச் சுழி. 'ெ' 'ே' இரண்டுக்கும் நடுவே இருப்பது மேலே ஒரு சுழி. அந்த வெள்ளை அடைபட்டால் எழுத்து மாறிவிடும்.

அதனால் நூலைப் புரட்டி மிகப் பொடியான எழுத்துள்ள பக்கம் ஒன்றைத் தேடுங்கள். அடிக்குறிப்பு, பிழைதிருத்தப் பட்டியல், அட்டையின் பின்பக்க விளம்பரம், இவற்றில்தான் அது இருக்கும். அந்தப் பக்கத்தில் 'ண', 'ணை', 'ீ', 'ே' எல்லாம் கிடைக்கிற இரண்டு அங்குலச் சதுரம் ஒன்றை மட்டும் 1200 டிபிஐயில் சாம்பல்நிறமாக ஸ்கான் செய்யுங்கள். ஸ்கானர் மென்பொருளில் அதற்கு `Grayscale` என்று இருக்கும். கிடைத்த படத்தைத் திறந்து, ஒவ்வொரு பிக்சலும் கட்டமாகத் தெரிகிறவரை, ஒரு 800 சதவீதமாவது, பெரிதாக்குங்கள். இப்போது சுழிக்குள் குறுக்காக எத்தனை வெள்ளைக் கட்டம் என்று விரல் வைத்து எண்ணுங்கள்.

எங்கள் நூலில் பாட்டு எழுத்தின் சுழிக்குள் 20 கட்டம் இருந்தது. அடிக்குறிப்பில் 'ண'வின் சுழிக்குள் 12. அடிக்குறிப்பின் 'ீ' நுனிச் சுழியில் 8 மட்டுந்தான். நூலுக்கு நூல் இது மாறும், ஆகவே எங்கள் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளாதீர்கள், எண்ணுகிற முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

மிகச் சிறிய எண்ணை வைத்துக் கணக்குப் போடவேண்டும். 1200இல் 8 கட்டம் என்றால் 600இல் 4, 400இல் மூன்றுக்கும் குறைவு, 300இல் 2. எத்தனை இருந்தால் போதும்? நான் வைத்திருக்கிற எல்லை 4. காரணம் எளிது. மையின் விளிம்பு பிக்சலின் விளிம்பில் ஒழுங்காக வந்து நிற்காது. பாதி மை, பாதி தாள் என்று விழும் பிக்சல் சாம்பல் நிறமாக வரும். சுழிக்கு இரண்டு பக்கமும் அப்படி ஒவ்வொரு பிக்சல் போய்விடும் என்று வையுங்கள். 4 இருந்தால் நடுவில் 2 சுத்த வெள்ளை மிஞ்சும். 2 மட்டும் இருந்தால் இரண்டுமே சாம்பல், சுழி அடைபட்ட புள்ளியாகத் தெரியும்.

இப்படிப் பார்த்தால் எங்கள் நூலின் பாட்டுக்கு 300 தாராளம், 5 கட்டம் கிடைக்கும். அடிக்குறிப்புக்கு 600 வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் இருப்பதால் முழு நூலுக்கும் 600 என்று முடிவு செய்தோம். அடிக்குறிப்பே இல்லாத நூலாக இருந்திருந்தால் நான் 600 போட்டிருக்க மாட்டேன். தேவைக்கு மேலே போவதால் ஸ்கானர் மெதுவாகும், கோப்பு நாலு மடங்காகும், படிப்பதில் ஒரு நன்மையும் கூடாது.

ஸ்கானர் சொல்கிற 1200 உண்மைதானா

மென்பொருளின் பட்டியலில் 2400, 4800, 9600 என்றெல்லாம் இருக்கும். ஒரு எல்லைக்கு மேலே இருப்பவை கண்ணாடியின் கீழே உள்ள உணரி பார்த்தவை அல்ல, பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் நடுவே நிரப்பியவை. ஸ்கானரின் கையேட்டில் `Optical Resolution` என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள். அதில் சிறிய எண்ணைத்தான் நம்பலாம்.

கையேடு கிடைக்கவில்லையா, அதே சதுரத்தை 600இலும் 1200இலும் ஸ்கான் செய்து பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 600ஐ இரண்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் 1200 போலவே இருக்கிறது, சுழியின் விளிம்பில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்றால் உங்கள் ஸ்கானரின் எல்லை 600. நட்டமில்லை. அடிக்குறிப்புக்கு அதுவே போதும். ஆனால் ஓட்டையை எண்ணும்போது 600 படத்தில் எண்ணிக்கொள்ளுங்கள்.

கறுப்பு-வெள்ளை வேண்டாம்

கடைக்காரர் 'எழுத்துத்தானே, கறுப்பு-வெள்ளையில் எடுத்தால் துலக்கமாக வரும்' என்று சொல்வார். மென்பொருளிலும் `Black & White` அல்லது `Text` என்று ஆசை காட்டும். அதில் ஒவ்வொரு பிக்சலும் ஒன்றில் கறுப்பு, அல்லது வெள்ளை. மேலே சொன்ன பாதி மைப் பிக்சல் எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று ஸ்கானர் அந்த நொடியில் முடிவெடுக்கும். கறுப்புப் பக்கம் சாய்த்தால் சுழி அடைபடும். வெள்ளைப் பக்கம் சாய்த்தால் மெல்லிய கோடு அறும், பழைய றா, ணா, னாவின் கீழே சுருளும் வால் அறுந்து வெறும் ற, ண, ன ஆகிவிடும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் நம் இலங்கை அச்சகங்கள் அந்தப் பழைய வடிவங்களை நெடுநாள் வைத்திருந்தன. ஆகவே இங்கே அச்சான நூல்களில் இந்த வால் அடிக்கடி வரும்.

சாம்பல்நிறத்தில் எடுத்தால் அந்த முடிவு உங்கள் கையில் இருக்கும். பிறகு வேண்டுமானால் ஒளி-கருமையைக் கூட்டிக் குறைத்து இரண்டு விதமாகவும் பார்க்கலாம். அப்படியே `Sharpen` என்று ஏதாவது தெரிவாகியிருந்தால் எடுத்துவிடுங்கள். அது விளிம்பில் பொய் ஒளிவட்டம் போட்டு, சுழிக்குள் இருக்கிற வெள்ளையின் அளவையே மாற்றிவிடும்.

எங்கள் நூலுக்குச் சாம்பல்நிறமும் போதவில்லை. 1978 நவம்பர் சூறாவளியில் நனைந்த நூல் அது என்று தம்பியின் வீட்டில் சொன்னார்கள். பக்கங்களின் கீழ் மூலையில் தேநீர் சிந்தியது போலப் பழுப்புக் கறை, அதுவும் சரியாக அடிக்குறிப்பின் மேலே. இப்படியான நூலை வண்ணத்தில் ஸ்கான் செய்வது நல்லது. வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காக இருக்கும். பழுப்புக் கறை நீல அடுக்கில் கறுத்துத் தெரியும், சிவப்பு அடுக்கில் பெரும்பாலும் வெளுத்துப் போகும். மை மூன்றிலும் கறுப்பாகவே நிற்கும். அதனால் சிவப்பு அடுக்கை மட்டும் தனியே எடுத்தால் கறை இல்லாத சாம்பல்நிறப் படம் கிடைக்கும். இமேஜ்மேஜிக் என்ற இலவச மென்பொருள் இருந்தால் ஒரு வரியில் முடியும்:

```
magick p012.tif -channel R -separate p012-red.png
```

மூலப்படத்தை அழிக்கவேண்டாம். இது படிப்பதற்கான பிரதி மட்டுமே.

பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரிந்தால் அதற்கு மென்பொருள் தேடவேண்டியதில்லை. தாளின் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வைத்து மூடுங்கள், பெருமளவு குறைந்துவிடும்.

எந்தக் கோப்பாகச் சேமிப்பது

டிஃப் அல்லது பிஎன்ஜி. இரண்டும் ஒரு பிக்சலையும் மாற்றாமல் சுருக்கும். டிஃப் என்றால் சுருக்கும் முறையாக `LZW` தெரிவு செய்யுங்கள். உங்கள் ஸ்கானர் இரண்டில் எதைக் கொடுக்கிறதோ அதை எடுங்கள். இதில் சண்டை போடுவதற்கு ஒன்றுமில்லை.

அளவு பயமுறுத்தும், அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் நூலின் பக்கம் 5 அங்குலம் அகலம், 8 அங்குலம் உயரம். 600 டிபிஐயில் 3000 × 4800, அதாவது ஒரு கோடியே 44 இலட்சம் பிக்சல். சாம்பல்நிறத்தில் பிக்சலுக்கு ஒரு பைட், ஆகவே சுருக்குமுன் பக்கத்துக்கு 14.4 எம்பி. வண்ணத்தில் மூன்று மடங்கு, 43.2 எம்பி. 48 பக்கத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி. ஒரு பென்ட்ரைவில் அடங்கிவிடும்.

ஜேபெக் இடம் மிச்சம் பிடிப்பது எப்படி என்று தெரிந்தால் அது ஏன் பொடித் தமிழுக்கு ஒத்துவராது என்பதும் விளங்கும். அது படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் நுணுக்கத்தைக் குறைக்கிறது. முகம், வானம், கடல் இவற்றுக்கு அது தெரியாது. எழுத்தின் கூர்மையான விளிம்புக்குப் பக்கத்தில் மட்டும் சாம்பல் தூசி போல ஒன்று படியும். அந்தத் தூசி சுழிக்குள்ளே படிந்தால் சுழி மங்கும். எழுத்துக்கு மேலே படிந்தால் இன்னும் மோசம்: இல்லாத இடத்தில் புள்ளி வைத்தது போலத் தெரியும். மெய்யா உயிர்மெய்யா என்பதே புள்ளியில் இருக்கிற மொழி நமது. ஸ்கானர் ஜேபெக் மட்டுந்தான் தரும் என்றால் தரத்தை 95க்குக் குறையாமல் வைத்து, ஒருதரம் மட்டும் சேமியுங்கள். திறந்து, திருப்பி, வெட்டி, மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கிற ஒவ்வொரு தடவையும் தூசி கூடும். முதலில் பிஎன்ஜியாக மாற்றிவிட்டு மற்ற வேலைகளைப் பாருங்கள்.

பிடிஎஃப் ஒரு பெட்டி, உள்ளே பாருங்கள்

இனி அந்த 'கன்னி'க்கு வருவோம். பிடிஎஃப் என்பது படத்தின் வகை அல்ல, படங்களைப் போட்டு வைக்கிற பெட்டி. உள்ளே ஜேபெக் இருக்கலாம், வேறு எதுவும் இருக்கலாம். தம்பி கொண்டுவந்த பிடிஎஃப் முழுவதுமே 1.1 எம்பி. 48 பக்கத்துக்கு அது பக்கத்துக்கு 23 கேபி வரும். 14 எம்பி வரவேண்டிய பக்கம் 23 கேபியில் அடங்குகிறதென்றால் எங்கோ எதையோ விட்டிருக்கிறார்கள். பாப்ளர் என்ற இலவசத் தொகுப்பில் உள்ள கட்டளை ஒன்று பெட்டியைத் திறந்து காட்டும்:

```
pdfimages -list kulirthi.pdf
```

வருகிற அட்டவணையில் `enc` என்ற நிரலைப் பாருங்கள். `jpeg` என்றால் என்னவென்று சொல்லிவிட்டேன். `ccitt` என்றால் கறுப்பு-வெள்ளை, ஆனால் பிக்சல் மாறாதது. எங்களுடையதில் `jbig2` என்று இருந்தது, `x-ppi` நிரலில் 300.

ஜேபிக்2 கறுப்பு-வெள்ளைப் பக்கங்களைச் சுருக்குகிற முறை. அதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று எதையும் மாற்றாதது. மற்றது பக்கத்தில் உள்ள எழுத்துருவங்களை எல்லாம் பொறுக்கி, 'இதுவும் அதுவும் ஏறக்குறைய ஒன்றுதான்' என்று பட்டால் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் அதையே ஒட்டிவிடும். 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினியியலாளர் இதை உலகத்துக்குக் காட்டினார். நகல் இயந்திரம் ஒன்று கட்டட வரைபடத்தில் அறைகளின் அளவையே மாற்றிப் போட்டிருந்தது. 6 இருந்த இடத்தில் 8 வந்து உட்கார்ந்த கதை. இலக்கத்துக்கு நடந்தது சுழிக்கு நடக்காதா? 300 டிபிஐயில், கறுப்பு-வெள்ளையில், சுழி பாதி அடைபட்ட பொடி 'ண'வும் 'ன'வும் அந்த இயந்திரத்தின் கண்ணுக்கு ஒன்றுதான். வேறு வரியில் இருந்த நல்ல 'ன'வை எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறது. அதனால்தான் அவ்வளவு பளிச்.

எந்த வழியில் சுருக்கினார்கள் என்று அட்டவணை சொல்லாது. கண்ணால் கண்டுபிடிக்கலாம். ஒரே பக்கத்தில் ஒரே எழுத்து வருகிற ஐந்தாறு இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஈய எழுத்தைக் கோத்து அடித்த பழைய அச்சில் இரண்டு 'க' ஒருபோதும் பிக்சலுக்குப் பிக்சல் ஒத்திருக்காது. மை ஒரு இடத்தில் கொஞ்சம் கூடும், தாள் ஒரு இடத்தில் கொஞ்சம் தள்ளும். ஐந்தும் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தால் அவை ஒட்டப்பட்டவை. அந்தப் பிடிஎஃப்பை வைத்துத் தட்டெழுதவேண்டாம். டிபிஐயைக் கூட்டி மாற்றிச் சேமித்தாலும் போன சுழி திரும்பாது. நூலைத்தான் மறுபடி கண்ணாடியில் வைக்கவேண்டும்.

கடையில் கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் மூன்று விஷயம் கேளுங்கள்: 600, சாம்பல்நிறம், டிஃப். பெரிய நகல் இயந்திரங்களிலும் டிஃப் என்ற தெரிவு பெரும்பாலும் இருக்கும், யாரும் கேட்காததால் கடைக்காரர் தொட்டிருக்க மாட்டார். தாள்களைத் தானாக இழுக்கும் மேல்தட்டில் பழைய நூலைப் போடவிடாதீர்கள். துருப்பிடித்த கம்பி இருக்கிற நூல் என்றால் கட்டாயமாகக் கூடாது.

போனில் எடுப்பவர்களுக்கு

நூலை வீட்டுக்கு வெளியே தரமாட்டோம் என்பார்கள், அது நியாயந்தான். அப்போது போன்தான் ஸ்கானர். 12 மெகாபிக்சல் போன் 4000 × 3000 பிக்சல் தரும். 8 அங்குலப் பக்கம் படத்தின் நீளத்தை முழுதாக நிரப்பினால் அங்குலத்துக்கு 500. ஓரம் விட்டு எடுப்போம், ஆகவே 400 என்று வையுங்கள். போன் இரைச்சலை நீக்குகிறேன் என்று மெல்லிய கோடுகளைத் தேய்த்தும்விடும், அதனால் போனின் 400 ஸ்கானரின் 400க்கு ஈடாகாது. அடிக்குறிப்புள்ள பக்கத்தை மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு படமாக எடுங்கள்.

படத்தின் தகவலில் '72 டிபிஐ' என்று இருந்தால் பதறவேண்டாம், அது வெறும் சீட்டு. அதை 600 என்று மாற்றி எழுதினாலும் ஒன்றும் கூடாது. பிக்சல் எண்ணிக்கையைப் பக்கத்தின் அங்குலத்தால் வகுத்து வருவதுதான் உண்மையான எண்.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எல்லாம் வீண். எனக்கு அப்படி வந்த பக்கம் 1600 பிக்சல் உயரந்தான் இருந்தது. 8 அங்குலத்துக்கு அது 200 டிபிஐ. அதே கோப்பை `Document` என்று தெரிவு செய்து அனுப்பினால் உள்ளபடி வரும்.

எதனாலும் தீராதவை

1200இல் பார்த்தும் சுழி முழுக் கறுப்பாக இருந்தால் குற்றம் ஸ்கானரிலா அச்சிலா என்று தெரியவேண்டும். நகை செய்கிறவர்கள் கண்ணில் வைக்கிற பத்து மடங்கு வில்லை ஒன்றை இரவல் வாங்கித் தாளையே பாருங்கள். தாளிலும் மை அடைத்திருந்தால் தேய்ந்த ஈய எழுத்து, அல்லது மை கூடிப்போன அடி. டிபிஐயால் ஒன்றும் ஆகாது. 'ர'வும் காலும் அப்படித்தான். பல பழைய அச்சில் இரண்டுக்கும் ஒரே வடிவம், எவ்வளவு பெரிதாக்கினாலும் பிரியாது. அங்கே படத்தை விட்டுவிட்டுச் சொல்லைத்தான் பார்க்கவேண்டும்.

தம்பி இப்போது 600 படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு முதலிலிருந்து ஒப்பிட்டு முடித்துவிட்டார். அடிக்குறிப்புகளில் 19 இடம் திருந்தியது, அதில் 11 ண-ன. மூன்று இடத்தில் தாளிலேயே மை அடைத்திருக்கிறது. அவற்றைச் சதுர அடைப்புக்குள் `[கண்ணி?]` என்பது போலக் கேள்விக்குறியோடு விட்டிருக்கிறோம். தம்பிலுவிலில் ஒரு வீட்டில் இதே நூலின் இன்னொரு பிரதி இருப்பதாகக் கேள்வி. வருகிற சனிக்கிழமை போகிறோம், வில்லையும் போனும் எடுத்துக்கொண்டு.